கூட்டுக் கணக்கு பற்றி ஒரு சிறுகதை: இதில் வரும் பண ஏற்பாடு நிஜத்தில் நிற்குமா?

தாழ்வாரம்

வணக்கம். கல்யாணமான புதிதில் இரண்டு பேர் வீட்டுச் செலவுக்கென்று ஒரு கூட்டுக் கணக்கு தொடங்குகிறார்கள், செலவுக்கு விதி போட்டுக்கொள்கிறார்கள், அதை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். நடையைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது அவர்கள் போட்ட ஏற்பாடு ஒரு வருடமாவது தாங்குமா என்பதுதான். எந்த நாட்டுப் பணமும் வேண்டாம் என்று இருவர் சம்பளத்தையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொண்டேன். கதையில் வரும் எண்ணெல்லாம் அந்த 100-இல் இத்தனை என்று படித்துக்கொள்ளுங்கள்.

கதை இது:

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் இருந்தது. இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாமா, இல்லை இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியுமா? கதிர் பேனாவை யாழினியிடம் நீட்டினான். "நீயே போடு." அவள் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துவிட்டு, 'யாராவது ஒருவர்' என்பதில் குறி போட்டாள்.

அன்று இரவு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாழினியின் சம்பளம் 60, கதிரின் சம்பளம் 40. வீட்டுச் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் 50. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளையும் பன்னிரண்டாக வகுத்துச் சேர்த்திருந்தார்கள்.

"ஆளுக்குப் பாதி. 25, 25. முடிந்தது" என்றான் கதிர்.

யாழினி ஒன்றும் சொல்லாமல் கீழே எழுதினாள். அவள் கையில் மிஞ்சுவது 35. அவன் கையில் மிஞ்சுவது 15. அந்த 15-ஐ அவன் பார்த்தான், பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். சம்பளம் எந்த அளவோ அந்த அளவுக்கு. அவள் 30, அவன் 20. மிஞ்சுவதும் அதே மாதிரி 30, 20.

"நீ அதிகம் போடுகிறாய் என்று பின்னாடி சொல்லிக்காட்ட மாட்டாயே?"

"சொன்னால் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு."

அதன் கீழே மூன்று விதி எழுதினார்கள். கூட்டுக் கணக்கிலிருந்து 3-க்கு மேல் எது வாங்கினாலும் முதலில் மற்றவரிடம் சொல்ல வேண்டும். அவரவர் சொந்தக் கணக்கில் மிஞ்சியதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் மாதமே 5-ஆம் தேதி காலையில் இருவர் போனிலும் செய்தி வந்தது. காப்பீட்டுத் தவணை எடுக்க முடியவில்லை, போதிய இருப்பு இல்லை. அவள் இன்னும் போடவில்லையே என்று கதிருக்குத் தோன்றியது. அவன் எதற்கோ எடுத்துவிட்டான் என்று யாழினிக்குத் தோன்றியது. இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்தச் சாயங்காலம் முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். இரவு பத்து மணிக்கு யாழினி நோட்டைத் திறந்து மாதத்தைத் தேதிவாரியாக எழுதினாள். 1-ஆம் தேதி கதிரின் 20 வருகிறது. 2-ஆம் தேதி மளிகைக்கு 4 போகிறது. 3-ஆம் தேதி வாடகை 15. மீதி 1. 5-ஆம் தேதி காப்பீடு 5 கேட்கிறது. 8-ஆம் தேதி மின் கட்டணம் 3. நடுவில் சில்லறைச் செலவு 1. அவளுக்குச் சம்பளம் வருவதே 10-ஆம் தேதி. 9-ஆம் தேதி இரவு கணக்கு 8 பள்ளத்தில் நிற்கிறது. மாதக் கணக்கில் வரவும் 50, செலவும் 50, எதிலும் தப்பில்லை. அவள் நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். தங்கள் சேமிப்பிலிருந்து அவள் 6, அவன் 4 போட்டு, அந்த 10-ஐத் தொடக் கூடாது என்று நாலாவது விதியாக எழுதினார்கள்.

அடுத்த இரண்டு மாதம் எந்தத் தவணையும் திரும்பவில்லை. ஆனால் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் இருவர் போனும் ஒலித்தது. "என்ன அது, 1 போயிருக்கு?" என்று கதிர் அடுத்த அறையிலிருந்து கேட்பான். கேட்டுவிட்டு மறந்தும்விடுவான். மூன்றாம் மாதக் கடைசி ஞாயிறு கணக்குப் பார்த்தபோது கூட்டுக் கணக்கில் 4 அதிகமாக இருந்தது. கதிருக்கு ஒரே சந்தோஷம். யாழினி தன் சொந்தக் கணக்கின் பக்கத்தைக் காட்டினாள். திரைச்சீலை, வாளி, மருந்து, துடைப்பம், எல்லாம் வீட்டுச் சாமான், எல்லாம் அவள் பணம். மொத்தம் 4.

"ஏன் இதை அங்கிருந்து எடுக்கவில்லை?"

"நீ கேட்பாய்."

"நான் சும்மாதானே கேட்டேன்."

"தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வாளி வாங்கினேன்."

கதிர் போனை எடுத்து, 5-க்குக் கீழே போனால் செய்தி வரவேண்டாம் என்று மாற்றினான். பிறகு அந்த 4-ஐ அவள் கணக்குக்கு அனுப்பினான். அவள் போன் மட்டும் ஒருமுறை ஒலித்தது.

(கதை முடிந்தது)

---

கணக்குநோட்டு

கதை பிடித்தது, வாளி வசனம் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆனால் ஆரம்பத்திலேயே பெரிய தப்பு பண்ணிவிட்டார்கள். 'யாராவது ஒருவர்' என்று குறி போட்டதுதான் அது. இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வைத்திருந்தால் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் எடுக்க வழியே இல்லை, விதியே எழுத வேண்டியதில்லை. எப்படியும் கூட்டுக் கணக்கில் இருப்பதில் ஆளுக்குப் பாதிதான் சொந்தம், பாதிக்கு மேல் எடுத்தால் வங்கியே தடுத்துவிடும். அதனால் யாழினி பயப்படவும் வேண்டியதில்லை.

---

பழைய கவுண்டர்

27 வருடம் வங்கிக் கவுண்டரிலும் கணக்குத் தொடங்கும் மேசையிலும் உட்கார்ந்தவன் நான். தம்பி கணக்குநோட்டு சொன்னதில் பாதி சரி, பாதியை அப்படியே நம்பினால் ஆபத்து.

வங்கி பாதி பாதி பார்க்காது. 'யாராவது ஒருவர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இருப்பு முழுவதையும் ஒருவரே ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போகலாம். கவுண்டரில் இருப்பவன் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதைத்தான் அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் உண்மையில் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்பது வேறு வழக்கு. அது இருவருக்கும் நடுவில் சட்டம் பார்த்துத் தீர்க்க வேண்டியது, ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. பணம் போன பிறகுதான் அந்தப் பேச்சே வரும்.

இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வைப்பது பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுச் செலவுக் கணக்குக்கு ஒத்துவராது. அப்படி வைத்தால் பெரும்பாலும் கார்டு தர மாட்டார்கள், போனிலிருந்து பணம் அனுப்பும் வசதியும் கிடைக்காது, கிடைத்தாலும் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். காய்கறி வாங்க இரண்டு கையெழுத்தா? வீடு வாங்கச் சேர்க்கிற பெரிய பணத்துக்கு அந்த முறை பொருத்தம். அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவுக் கணக்குக்கு நான் பார்த்த ஒரே நல்ல பாதுகாப்பு, அதில் அதிகம் வைக்காமல் இருப்பது. கதையில் இருப்பது போல ஒரு மாதச் செலவும் அந்த 10-உம் இருந்தால் போதும். நாளைக்கு ஏதாவது ஆனாலும் போவது அவ்வளவுதான். இன்னொன்று, கையில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதியை அந்தக் கணக்கில் கேட்டு வாங்காதீர்கள். அதில் விழுகிற கடனுக்கு ஆளுக்குப் பாதி என்று கிடையாது, முழுக் கடனுக்கும் இருவரில் யாரை வேண்டுமானாலும் வங்கி கேட்கலாம். இதைக் கல்யாணமான மூன்றாம் மாதத்தில் யாரும் படிப்பதில்லை.

---

நீலக்குடை

ஐயா, ஒரு சந்தேகம். நானும் அப்பாவும் சேர்ந்து கூட்டாக ஒரு வைப்புத்தொகை போடலாம் என்று இருக்கிறோம். தனியாகப் போடுவதைவிட வட்டி அதிகம் கிடைக்குமா? கதையில் அதைப் பற்றி ஒன்றும் வரவில்லையே.

---

பழைய கவுண்டர்

நீலக்குடை, இங்கே பேசுவது தினசரிச் செலவுக் கணக்கு, உங்கள் கேள்வி வேறு. பேர் இரண்டானதால் மட்டும் வட்டி அதிகமாகிவிடாது. ஆனால் அப்பாவோடு போடும்போது, ஒருவர் இல்லாமல் போனால் மற்றவருக்கு எப்படிப் போகும் என்பதைப் படிவத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்று நிதானமாகப் பாருங்கள். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

---

ஊசிநூல்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கதைக்கு உதவுமா பாருங்கள். எனக்கு மாதச் சம்பளம். என் கணவருக்குத் தரகு வேலை, ஒரு மாதம் என்னைவிட இரண்டு மடங்கு வரும், அடுத்த மாதம் ஒன்றுமே வராது. நாங்களும் இதே மாதிரி சம்பளத்துக்கு ஏற்ற பங்கு என்று ஆரம்பித்தோம். முதல் ஆறு மாதத்தில் பங்கை ஐந்து தடவை மாற்றி எழுதினோம். ஒவ்வொரு மாதமும் "இந்த மாதம் உனக்கு எவ்வளவு வரும்?" என்று நான் கேட்பேன், அவருக்கே தெரியாது, தெரியாததைக் கேட்டால் கோபம் வரத்தானே செய்யும். கேட்கிற எனக்கும் கடன்காரியைப் போல இருக்கும்.

பிறகு ஒன்று செய்தோம். இந்த மாதப் பங்கை இந்த மாத வரவை வைத்துப் போடுவதில்லை. போன மாதம் கையில் வந்தது எதுவோ அதை வைத்துத்தான். 1-ஆம் தேதி இருவரும் போன மாதத் தொகையைச் சொல்வோம், அது முடிந்துபோன எண், அதில் சண்டைக்கு இடமில்லை. அதற்கு ஒரே ஒரு தடவை ஒரு மாதச் செலவு முழுவதையும் முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. சேர்க்க எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது. நன்றாக வந்த மாதத்தில் அவர் கொஞ்சம் அதிகம் போட்டார்.

அதனால் சொல்கிறேன், கதிருக்கும் யாழினிக்கும் மாதாமாதம் ஒரே சம்பளம் வருவதால்தான் அந்த நோட்டுப் பக்கம் நிற்கிறது.

---

தாழ்வாரம்

ஊசிநூல் அக்கா, 'முடிந்துபோன எண்' என்று சொன்னீர்களே, அது கதையில் இருக்க வேண்டிய வரி. ஐயா, ஒரு கேள்வி. 8 பள்ளத்துக்கு 10 போட்டு வைத்தது போதுமா? அந்த இடத்தை நான் பலமுறை கணக்குப் போட்டேன், ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தேகம்.

---

பழைய கவுண்டர்

தேதிவாரியாக எழுதியது மிகச் சரி. மாதக் கடைசி மீதியைப் பார்த்து யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, மாதத்தில் எந்த நாள் இருப்பு மிகக் கீழே போகிறது என்று பார்த்தால்தான் தெரியும். ஆனால் உங்கள் ஆட்கள் ஒரு படியைத் தாண்டிவிட்டார்கள். பணம் போடுவதற்கு முன்னால் தேதியை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். வாடகைத் தேதி நம் கையில் இல்லை. காப்பீட்டுத் தவணைத் தேதியைக் கேட்டால் பல இடத்தில் மாற்றித் தருவார்கள். அதை 5-இலிருந்து 12-க்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? 3-ஆம் தேதி வாடகை போன பிறகு மீதி 1. மின் கட்டணம் 3, சில்லறை 1 போனால் 9-ஆம் தேதி இரவு பள்ளம் வெறும் 3. அதற்கு 10 போட்டு வைத்தால் 7 மிச்சம் நிற்கிறது, அதுதான் உண்மையான மெத்தை.

அந்த மிச்சம் ஏன் வேண்டும் என்றால், சம்பளம் எப்போதும் சொன்ன தேதியில் வராது. 10-ஆம் தேதி விடுமுறை என்றால் சில இடத்தில் ஒருநாள் முன்னால் வரும், சில இடத்தில் இரண்டு நாள் தள்ளி வரும். இன்னொன்றும் உண்டு. 12-க்குப் பதிலாக 10-ஆம் தேதியே தவணையை வைத்தால் சரியாகப் பொருந்துகிறதே என்று பலர் நினைப்பார்கள். தவணை விடியற்காலையிலேயே கேட்கப்படும், சம்பளம் அன்று மத்தியானம் வந்து விழும். ஒரே தேதியில் வரவும் தவணையும் இருந்து திரும்பிப்போனதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "சார், அன்னிக்குத்தானே சம்பளம் வந்தது, பாருங்க" என்று பாஸ்புத்தகத்தை விரித்துக் காட்டுவார்கள். அதே தேதியில் மேலே ஒரு வரியில் தவணை திரும்பியிருக்கும், அதற்கான அபராதம் நடு வரியில் இருக்கும், சம்பளம் அதற்குக் கீழே இருக்கும். இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

---

முகிலன்_2

எல்லோரும் பள்ளத்தையே பேசுகிறீர்கள், நான் 30, 20 பற்றிப் பேசுகிறேன். அது நியாயமே இல்லை. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறார்கள், அவள் கையில் மட்டும் மாதம் 30, அவன் கையில் 20. வருடத்துக்கு 120 வித்தியாசம். என் வழி சுலபம். மொத்தம் 100, செலவு 50, மிஞ்சிய 50-ஐ ஆளுக்கு 25. அதாவது அவள் 35 போடட்டும், அவன் 15 போடட்டும். கையில் இருப்பது சமமாக இருந்தால்தான் இருவரும் சமம்.

---

கணக்குநோட்டு

முகிலன், அப்படியானால் யாழினி ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து அவளுக்கு 20 சம்பள உயர்வு வந்தால்? உங்கள் வழியில் மொத்தம் 120, செலவு 50, மிச்சம் 70, ஆளுக்கு 35. அவள் உழைத்து வந்த 20-இல் 10 அவனுக்குப் போகிறது. நான் அவள் இடத்தில் இருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்க மாட்டேன்.

---

முகிலன்_2

அவள் ராத்திரி வேலை பார்க்கும்போது வீட்டை யார் பார்த்தார்கள்? அந்த 10 அவனுடைய உழைப்புக்கு.

---

மண்விளக்கு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் குழந்தைக்காக வேலையை விட்டவள். விடுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாழினி வீட்டு விதியேதான், சம்பளத்துக்கு ஏற்ற பங்கு. வேலையை விட்ட மாதம் என் சம்பளம் 0, என் பங்கு 0, எனக்கு மிஞ்சுவதும் 0. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் எனக்கு எதுவும் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் முடி வெட்டிக்கொள்ளப் போகக்கூடக் கூட்டுக் கணக்குக் கார்டைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்த ஒரு வரியைத் தாண்டும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். யாழினி வாளி வாங்கிய இடத்தில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்காவது ஒளித்து வாங்கச் சொந்தப் பணம் இருந்தது.

பிறகு நாங்களே பேசி மாற்றினோம். வீட்டுச் செலவை எடுத்து வைத்த பிறகு, யார் சம்பாதித்தாலும், இருவர் சொந்தக் கணக்குக்கும் ஒரே தொகை முதலில் போகும். சின்னத் தொகைதான். அதற்கு மேல் மிஞ்சினால் சேமிப்புக்கு. முகிலன் சொல்வதும் இல்லை, கதையில் இருப்பதும் இல்லை, நடுவில் ஒன்று.

---

தாழ்வாரம்

மண்விளக்கு, நன்றி. இதை எழுத உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. கதிருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருவது 60, செலவு 50, மிஞ்சும் 10-உம் யாழினி கணக்கில். கதிர் கையில் ஒன்றும் இல்லை. 3-க்கு மேல் வாங்கினால் சொல்ல வேண்டும் என்ற விதி அப்போது அவனுக்கு மட்டும் விதியாகிவிடும், ஏனென்றால் அவள்தான் சொந்தக் கணக்கிலிருந்து எதையும் வாங்க முடியும். இருவரும் சம்பாதிக்கும் வரைதான் நான் எழுதிய பங்கு முறை தாங்குகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு அடித்தளத் தொகை முதலில் போக வேண்டும், அதற்கு மேல்தான் 30, 20 பேச்செல்லாம். அதைச் சேர்க்கிறேன்.

---

இரட்டைவரி

நான் அந்த 3 விதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பொருளுக்கு 3 என்று வைத்தால் அது சீக்கிரம் ஓட்டையாகிவிடும், ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்காமலே. ஒரே வாரத்தில் 2, 2, 2 என்று மூன்று தடவை வாங்கினால் எதுவும் எல்லையைத் தாண்டவில்லை, ஆனால் 6 போய்விட்டது. இன்னொன்று மாதாமாதம் தானாகப் போகும் சந்தா. மாதம் அரைதானே, எல்லைக்கு ரொம்பக் கீழே என்று ஒருவர் போட்டுவிடுவார். வருடத்துக்கு 6. எல்லையைவிட இரண்டு மடங்கு, யாரிடமும் கேட்காமல். எங்கள் வீட்டில் இப்படி நாலு சந்தா ஓடிக்கொண்டிருந்தது, இரண்டை யார் போட்டது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. இப்போது எங்கள் விதி, தானாகப் போகிற எதையும் 12-ஆல் பெருக்கி, வருகிற எண்ணை எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஒருமுறை வாங்குவதற்குப் பழைய விதியேதான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஒருவருக்கொருவர் பரிசு வாங்கினால் அதைக் கட்டாயம் சொந்தக் கணக்கிலிருந்து வாங்குங்கள். கூட்டுக் கணக்கில் வாங்கினால் கொடுக்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

---

பழைய கவுண்டர்

கதையின் கடைசிக் காட்சியில் ஒரு சின்னத் திருத்தம். கதிர் தன் போனில் சிறு தொகைக்கான செய்தியை நிறுத்தியது நல்ல முடிவு, அந்தக் கேள்வி நின்றது. ஆனால் யாழினியும் தன் போனில் அதையே செய்துவிடக் கூடாது. கார்டு விவரத்தைத் திருடுகிறவர்கள் முதலில் ஒரு சின்னத் தொகையை எடுத்துப் பார்ப்பது வழக்கம், கார்டு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள. அந்தச் சின்னச் செய்தியைப் பார்த்து உடனே கார்டை நிறுத்தியவர்கள் தப்பினார்கள், பார்க்காதவர்களுக்கு அடுத்த மணி நேரத்தில் பெரிய தொகை போயிருந்தது. எனவே யார் கையில் எந்தக் கார்டு இருக்கிறதோ, அந்தக் கார்டின் எல்லாச் செய்தியும் அவருக்கு வரட்டும். மற்றவர் கார்டின் செய்தி பெரிய தொகைக்கு மட்டும் வந்தால் போதும். இந்த மாதிரிப் பிரித்து வைக்க எல்லா வங்கியிலும் வசதி இருக்காது. இருந்தால் செய்யுங்கள்.

---

தாழ்வாரம்

கடைசி வரியில் அவள் போன் மட்டும் ஒலிக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது ஐயா. தெரியாமலே சரியாக எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கதையில் நான் தொடாமல் விட்ட இடம் அது. பெற்றோருக்கு அனுப்பும் பணம். அது கூட்டுக் கணக்கிலிருந்தா, சொந்தக் கணக்கிலிருந்தா? எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது, அதனால் நீக்கிவிட்டேன்.

---

ஊசிநூல்

சொந்தக் கணக்கிலிருந்துதான். என் அம்மாவுக்கு நான் அனுப்புவதற்கு நான் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கும் அப்படித்தான்.

---

மண்விளக்கு

சொந்தக் கணக்கில் ஒன்றும் இல்லாதவள் என்ன செய்வாள் அக்கா? எங்கள் இருவர் அம்மாவுக்கும் ஒரே தொகை கூட்டுக் கணக்கிலிருந்து போகிறது. வீட்டுச் செலவு 50 என்றால் அந்த 50-க்குள்ளேயே அதையும் எழுதிவிட்டோம், வாடகைக்குப் பக்கத்து வரியில்.

---

முகிலன்_2

ஒருவர் பெற்றோர் வசதியாக இருக்கிறார்கள், இன்னொருவர் பெற்றோருக்கு மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே தொகை எப்படிச் சரி?

---

மண்விளக்கு

அந்த மாதிரி வந்தபோது நாங்கள் மாற்றி எழுதினோம். மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. இன்னும் முடியவில்லை.

---

கணக்குநோட்டு

நான் முதலில் சொன்ன 'பாதிக்கு மேல் எடுக்க வங்கி விடாது' என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இன்று எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தேன், அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் யாழினி அந்தக் கட்டத்தில் குறி போடும் முன்பு இருவரும் வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும் என்பதை இன்னும் சொல்வேன். "நீயே போடு" என்று பேனாவை நீட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

---

தாழ்வாரம்

அந்த இடத்தை மாற்றுகிறேன், நீங்கள் சொல்வது சரி. திருத்திய கதையில் அவர்கள் படிவத்தை நிரப்பாமல் வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். காப்பீட்டுத் தேதி 12-க்குப் போகிறது. மூன்று விதிக்கு முன்னால் ஆளுக்கு 5 என்று ஒரு வரி வருகிறது, யார் சம்பாதித்தாலும். தானாகப் போகிறதை 12-ஆல் பெருக்குவதை கதிர்தான் கண்டுபிடிப்பான், பாவம் அவனுக்கும் ஒரு நல்ல இடம் வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'அம்மா, அப்பா' என்று யாழினி எழுதி, எதிரே எண் போடாமல் விட்டு, மாதக் கடைசி ஞாயிறு பேசலாம் என்று நோட்டை மூடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதும் எழுதி இங்கேயே போடுகிறேன்.